பலாக்கொட்டை ஏன் ஃப்ரீசரில் தங்காது? டர்பன் தோட்டக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சாட்ஸ்வொர்த்தில் எங்கள் கோவில் மண்டபத்தில் வருடத்துக்கு இரண்டு முறை விதை மாற்றிக்கொள்வோம். வெண்டை, பாகல், அவரை, மிளகாய், கொத்தமல்லி என்று பொட்டலம் பொட்டலமாக வரும். நான் பல வருடம் ஒரு விதை ஆய்வுக்கூடத்தில் உதவியாளராக இருந்ததால் கேள்விகளெல்லாம் என்னிடம் வந்துவிடும். சில வருடங்களுக்கு முன்னால் ஒரு கோடையில் ஓர் அக்கா இரண்டு லிட்டர் ஐஸ்க்ரீம் டப்பா நிறையப் பலாக்கொட்டை கொண்டுவந்தார். தன் அப்பா நட்ட மரத்தின் கொட்டை, ஒரு வருடமாக ஃப்ரீசரில் பத்திரமாக வைத்திருந்தது. எல்லோருக்கும் பத்துப் பத்தாகக் கொடுக்க வேண்டும் என்பது அவர் ஆசை. ஒன்றை எடுத்துக் கத்தியால் வெட்டிப் பார்த்தோம். உள்ளே கசங்கி, தண்ணீர் கசிந்தது. அன்று அவர் கேட்டதும் அதற்கு அப்புறம் மற்றவர்கள் கேட்டதும் கீழே இருக்கின்றன.

வெண்டை விதை அதே ஃப்ரீசரில் நல்லாத்தானே இருக்கு, பலாக்கொட்டை மட்டும் ஏன் செத்துப்போச்சு?

உங்கள் வெண்டை விதை ஃப்ரீசருக்குள் போனபோது அதில் தண்ணீர் கிட்டத்தட்ட இல்லை. பலாக்கொட்டையில் பாதிக்குமேல் தண்ணீர். வித்தியாசம் அவ்வளவுதான், ஆனால் அதற்குள் பெரிய கதை இருக்கிறது.

வெண்டைக்காய் செடியிலேயே முற்றி, நார் நாராகக் காய்ந்து, வெடிக்கிற பதத்துக்கு வரும்போது உள்ளே விதையும் சேர்ந்து காய்கிறது. இந்தக் காய்தல் விதைக்கு ஒரு விபத்து இல்லை. அது வளர்ச்சியின் கடைசிக் கட்டம். அந்த நாட்களில் விதை சில சர்க்கரைகளையும் ஒரு வகைப் புரதங்களையும் தனக்குள் சேர்த்துக்கொள்கிறது. உயிரணுக்களில் தண்ணீர் நிறைந்திருந்த பைகள் சுருங்கி, அந்த இடத்தில் மாவும் புரதமும் எண்ணெயும் அடைகின்றன. தண்ணீர் போகப் போக உள்ளே இருக்கிற எல்லாம், பாகு இறுகிக் கமர்கட்டு ஆகிற மாதிரி, கண்ணாடிபோல் இறுகிவிடுகிறது. மூச்சுக்கூட நின்றுவிடும் அளவுக்கு எல்லா வேலையும் அடங்கிவிடுகிறது. அதை உறைய வைத்தால் பனிக்கட்டி ஆக உள்ளே தண்ணீரே இல்லை.

பலாக்கொட்டை பழத்துக்குள் இருந்து வெளியே வரும்போதே ஈரமாக, வேலை செய்துகொண்டு இருக்கிறது. அது எப்போதும் அடங்குவதே இல்லை. மரத்திலிருந்து பிரிந்த நாளிலிருந்தே முளைக்கிற வேலையை மெதுவாகத் தொடங்கிவிடுகிறது. அப்படிப்பட்ட கொட்டையை ஃப்ரீசரில் வைத்தால் ஒவ்வொரு உயிரணுவுக்குள்ளும் பனி ஊசி உருவாகி அதன் சவ்வைக் கிழித்துவிடும். வெளியே எடுத்ததும் கசிந்த தண்ணீர் அங்கிருந்து வந்ததுதான்.

1973-ல் இங்கிலாந்தின் விதை ஆய்வாளர் ஈ. எச். ராபர்ட்ஸ் இந்த இரண்டு கூட்டத்துக்கும் பெயர் வைத்தார். காய்ந்தும் உயிரோடு இருப்பவை ‘ஆர்த்தடாக்ஸ்’ விதைகள், காய்ந்தால் சாகிறவை ‘ரீகால்சிட்ரண்ட்’ விதைகள். இங்கே நான் உலர்தாங்கும் விதை, உலர்தாங்கா விதை என்றே சொல்கிறேன். பலா, மா, லிச்சி, தென்னை, ரப்பர், கொக்கோ இவையெல்லாம் இரண்டாவது கூட்டம். டர்பன் ஓடைக்கரைகளில் நிற்கும் உம்டோனி மரமும் அப்படித்தான். அது நம் நாவல் மரத்துக்குச் சொந்தக்காரன்.

விதை வங்கின்னு சொல்றாங்களே, அங்கே அப்படி என்னதான் செய்றாங்க?

வெண்டையோடு நீங்கள் செய்ததையே அவர்கள் அளந்து செய்கிறார்கள். விதையைச் சுத்தம் செய்து, 5 முதல் 20 டிகிரி வரை குளிர்ந்த, மிக வறண்ட அறையில் பரப்பி வைப்பார்கள். காற்றின் ஈரம் 10 முதல் 25 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும். வாரக்கணக்கில் வைத்தால் பெரும்பாலான விதைகளின் ஈரம் 3 முதல் 7 விழுக்காடு வரை இறங்கும். அப்புறம் காற்று புகாத அலுமினிய உறையில் அடைத்து, மைனஸ் 18 டிகிரியில் வைப்பார்கள். சில வருடங்களுக்கு ஒரு முறை கொஞ்சம் எடுத்து முளைக்கவிட்டு எத்தனை முளைக்கிறது என்று பார்ப்பார்கள். முளைப்பு தொடக்கத்தில் இருந்ததில் 85 விழுக்காட்டுக்குக் கீழே போனால் வயலில் விதைத்து மறுபடியும் புது விதை எடுப்பார்கள்.

ஏன் இவ்வளவு கஷ்டம் என்றால், காய்தலும் குளிரும் சேர்ந்து ஆயுளைக் கூட்டுகிற விதம் பிரமாதமானது. ஈரம் 1 விழுக்காடு குறைந்தால் ஆயுள் இரட்டிக்கும், வெப்பம் 5 டிகிரி குறைந்தால் மறுபடி இரட்டிக்கும் என்று ஒரு பழைய கணக்கு உண்டு. இது தோராயம்தான், ஓர் எல்லைக்குள்தான் பொருந்தும். ஆனால் ஒன்று உங்களுக்குப் புரிந்திருக்கும்: காய வைக்காமல் குளிரில் மட்டும் வைத்தால் பாதி வேலைதான் நடக்கிறது. ஈர விதைக்கு அந்தக் குளிரே எமன்.

நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டத்தில் 2008-ல் திறந்த பெரிய கிடங்கு மற்ற வங்கிகளின் இரண்டாம் பிரதிகளை வைத்திருக்கிற இடம். சிரியாவின் அலெப்போவுக்குப் பக்கத்தில் இருந்த விதை வங்கி போரால் எட்ட முடியாமல் போனபோது, 2015-ல் அதன் பிரதிகளை ஸ்வால்பார்டிலிருந்து திருப்பி எடுத்தார்கள். கோதுமை, பார்லி, பயறு, கொண்டைக்கடலை எல்லாம் அப்படித் திரும்பி வந்தன. நம் தென்னாப்பிரிக்காவிலும் பிரிட்டோரியாவுக்குப் பக்கத்தில் ரூடெப்ளாட்டில் தேசியத் தாவர மரபு வள மையம் இருக்கிறது. இந்தக் கிடங்குகள் எல்லாமே காய்ந்த விதைக்காகக் கட்டியவை.

எவ்வளவு காய்ஞ்சிருக்குன்னு வீட்டுத் தராசு வச்சே கண்டுபிடிக்க முடியுமா?

முடியும், வெண்டைக்கும் அவரைக்கும். உங்களிடம் 200 கிராம் வெண்டை விதை இருக்கிறது, அதில் ஈரம் 12 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் தண்ணீர் 24 கிராம், மீதி 176 கிராம் விதையின் உலர்ந்த சத்து. அந்தச் சத்து குறையாது, தண்ணீர்தான் போகும். ஈரம் 5 விழுக்காட்டுக்கு வர வேண்டும் என்றால் 176 கிராம் மொத்த எடையில் 95 விழுக்காடாக இருக்க வேண்டும். 176-ஐ 95-ஆல் வகுத்து 100-ஆல் பெருக்குங்கள், 185 கிராம் வரும். விதையைச் சிலிக்கா ஜெல்லோடு ஒரு கண்ணாடி ஜாடியில் மூடி வைத்து, தினமும் எடை பாருங்கள். 185-க்கு வந்ததும் சிலிக்கா ஜெல்லை எடுத்துவிட்டு இறுக்கி மூடி ஃப்ரீசரில் வையுங்கள். திறக்க வேண்டிய நாளில் ஜாடியை வெளியே எடுத்து, அறை வெப்பத்துக்கு வந்த பிறகு திறங்கள். குளிரோடு திறந்தால் காற்றின் ஈரம் விதைமேல் வேர்த்து, காய வைத்த வேலை வீணாகும். மின்வெட்டு வந்தாலும் காய்ந்த விதை பதறாது, சில மணி நேரம் வெதுவெதுப்பானாலும் ஒன்றும் ஆகாது.

ஆரம்ப ஈரம் தெரியாவிட்டால் கொஞ்சம் விதையை எடை போட்டு, பொடித்து, ஓவனில் 103 டிகிரியில் 17 மணி நேரம் வைத்து மறுபடி எடை பாருங்கள். குறைந்த எடைதான் தண்ணீர். அந்த விதை போச்சு, அதனால் கொஞ்சமாக எடுங்கள்.

பலாக்கொட்டையை வெயிலில் போடாம, நிழலில் மெதுவா, பக்குவமா காய வைச்சா தாங்காதா?

நியாயமான யோசனை, ஆனால் இங்கே நேர்மாறாகத்தான் நடக்கிறது. மெதுவாகக் காய வைத்தால் இன்னும் அதிக ஈரம் இருக்கும்போதே சாகும்.

விதை முழு ஈரத்தோடு இருக்கும்போது அதன் உள்வேலைகள் ஒழுங்காக நடக்கின்றன. ரொம்பக் காய்ந்துவிட்டால் வேலையே நின்றுவிடும். ஆபத்து நடுவில் இருக்கிறது. கொஞ்சம் தண்ணீர் போன நிலையில் வேலைகள் நிற்பதில்லை, ஆனால் ஒன்றோடொன்று ஒத்துப்போகாமல் தாறுமாறாக நடக்கின்றன. சக்தி உண்டாக்கும் இடத்திலிருந்து தப்பி வரும் தீவிர ஆக்சிஜன் கொழுப்பையும் சவ்வையும் புரதத்தையும் அரிக்கிறது. மெதுவாகக் காய வைத்தால் விதை இந்த நடு நிலையில் பல நாள் கிடக்கும். வேகமாகக் காய வைத்தால் அந்தக் கட்டத்தைச் சட்டென்று தாண்டிவிடும், அதனால் இன்னும் குறைந்த ஈரம் வரை உயிரோடு இருக்கும். எவ்வளவு வேகமாகக் காய வைத்தாலும் ஓர் எல்லை உண்டு. உயிரணுவின் அமைப்போடு ஒட்டியிருக்கும் கடைசித் தண்ணீரை எடுத்தால் எந்த வேகமும் காப்பாற்றாது.

இந்த இரண்டு வகைச் சேதத்தையும் பிரித்துக் காட்டியதில் நம் டர்பனுக்குப் பெரிய பங்கு உண்டு. இங்கேயுள்ள பல்கலைக்கழகத்தில், இப்போது குவாசுலு-நாட்டால் பல்கலைக்கழகம் என்கிறார்களே, அங்கே பட்ரீஷியா பெர்ஜாக்கும் நார்மன் பம்மெண்டரும் பல பத்தாண்டுகள் உலர்தாங்கா விதைகளையே ஆராய்ந்தார்கள். கடலோரக் கண்டல் காட்டு மரங்களில் ஒன்றான அவிசென்னியா, ட்ரிச்சிலியா ட்ரெஜியானா என்ற காட்டு மஹோகனி, இப்படி நம் கண்ணெதிரே நிற்கும் மரங்கள்தான் அவர்களுக்குப் பாடம். பெர்ஜாக் 2015-ல் காலமானார். எந்த நகரத்தில் வாழ்கிறோம் என்று கேட்டால் இதையும் சொல்லிக்கொள்ளலாம் என்று நான் பிள்ளைகளிடம் சொல்வேன்.

அப்புறம், முழுப் பலாக்கொட்டை 5 கிராம், 6 கிராம் கனம். அதை எப்படித்தான் வேகமாகக் காய வைப்பது? மேல்தோல் காயும், நடு ஈரமாகவே இருக்கும். அதனால்தான் முழுக்கொட்டையை வைத்து இந்தச் சண்டையை ஜெயிக்க முடிவதில்லை.

மரம் ஏன் இப்படி ஒரு விதையை உண்டாக்கணும்? அது அதுக்கே நஷ்டம் இல்லையா?

மரத்தின் இடத்திலிருந்து பாருங்கள். மழைக்காட்டில் பெரும்பாலான நாட்கள் மண் ஈரமாகத்தான் இருக்கும். கீழே விழுந்த கொட்டைக்கு இன்னொரு பருவம் வரை காத்திருக்க வேண்டிய காரணமில்லை. காத்திருந்தால் பன்றியும் எலியும் தின்னும், பூஞ்சணம் பிடிக்கும். உடனே முளைத்து, வித்திலையில் இருக்கும் மாவை வைத்து நிழலிலேயே ஒரு கன்றாக நின்றுகொள்வதுதான் சாதுரியம். அந்தக் காட்டில் காத்திருப்பது மண்ணுக்குள் விதை அல்ல, மண்ணுக்கு மேலே ஒரு முழ உயரக் கன்று. ஒரு பெரிய மரம் விழுந்து வெளிச்சம் வந்தால் அது எழும்பும். அந்த மரத்துக்கு உலரும் ஏற்பாட்டில் செலவழிக்கத் தேவையே இல்லை. கெட்டியான ஓட்டிலும் செலவு இல்லை, அதனால்தான் பலாக்கொட்டையின் பழுப்புத் தோல் நகத்தால் உரிகிற அளவுக்கு மெல்லியது.

அதனால் கணக்கும் இப்படி வருகிறது. உலகத்தின் பூக்கும் தாவரங்களில் உலர்தாங்கா விதை உள்ளவை சுமார் 8 விழுக்காடு என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். மரங்களை மட்டும் பார்த்தால் மூன்றில் ஒரு பங்கு. அழியும் விளிம்பில் இருக்கும் தாவரங்களை எடுத்து 2018-ல் லண்டன் கியூ தாவரவியல் தோட்டத்தைச் சேர்ந்தவர்கள் பார்த்தபோது, மிக மோசமான நிலையில் உள்ளவற்றில் 36 விழுக்காட்டின் விதையை வழக்கமான விதை வங்கியில் வைக்க முடியாது என்று வந்தது.

எந்த விதை எந்த வகைன்னு நானே எப்படிக் கண்டுபிடிப்பேன்?

சில அடையாளங்கள் உண்டு. பெரியதா, தோல் மெல்லியதா, சதைப் பழத்துக்குள் ஈரமாக இருக்கிறதா, ஈரக்காட்டு மரமா, இவை எல்லாம் சேர்ந்திருந்தால் சந்தேகப்படுங்கள். அடையாளம் மட்டும் போதாது, தக்காளி விதையும் ஈரச்சதைக்குள்தான் இருக்கிறது, ஆனால் அது அழகாகக் காய்கிறது. சோதித்துத்தான் சொல்ல முடியும்.

பெரிய கூடங்களில் நூறு விதையை வைத்துச் செய்யும் சோதனையைச் சின்னதாக்கி, ஒரு வருடம் நானே பலாக்கொட்டையில் செய்தேன். ஒரே பழத்திலிருந்து 40 கொட்டை. வழவழப்பையும் வெள்ளைச் சவ்வையும் நீக்கிக் கழுவி, துணியில் ஒற்றி, பத்துப் பத்தாகப் பிரித்தேன். முதல் பத்தை அன்றே ஆற்று மணலில் ஊன்றினேன். இரண்டாவது பத்தை ஈரத் தேங்காய் நாரில் சுற்றி, வாய் தளர்வாகக் கட்டிய பையில் நிழலில் வைத்தேன். மூன்றாவது பத்தைச் சிலிக்கா ஜெல்லோடு மூடின டப்பாவில், நான்காவது பத்தை ஃப்ரீசரில். மூன்றாவதை மட்டும் தினமும் எடை பார்த்தேன், தொடக்கத்தில் பத்துக்கும் சேர்த்து 62 கிராம்.

முதல் பத்தில் ஒன்பது முளைத்தன. பத்து நாள் கழித்து மற்ற மூன்றையும் ஒரே நேரத்தில் மணலில் ஊன்றினேன். சிலிக்கா ஜெல்லில் இருந்தவை 38 கிராமுக்கு இறங்கியிருந்தன, தோல் சுருங்கி, விரலால் தட்டினால் டக் டக் என்று சத்தம். ஒன்றுகூட வரவில்லை. ஃப்ரீசரில் இருந்ததும் வரவில்லை. ஈர நாரில் இருந்தவற்றில் இரண்டு பைக்குள்ளேயே வேர்முனை நீட்டியிருந்தன, மொத்தம் எட்டு வந்தன.

இரண்டாவது பத்துதான் இதில் முக்கியம். அது இல்லாமல் பார்த்தால், பத்து நாள் ஆனதால் செத்ததா, காய்ந்ததால் செத்ததா என்று சொல்ல முடியாது. ஈரத்தில் இருந்த கூட்டாளி பத்து நாளும் உயிரோடு இருந்தது, அதனால் சாவுக்குக் காரணம் காய்ந்ததுதான் என்று தைரியமாகச் சொல்லலாம். நிறையப் பேர் இந்தப் படியை விட்டுவிட்டுத் தவறான முடிவுக்கு வருகிறார்கள். இன்னொரு தவறு, பச்சையாக, முற்றாத பழத்தின் விதையை எடுத்துச் சோதிப்பது. முற்றாத வெண்டை விதைகூடக் காய வைத்தால் சாகும். அதேபோல் முளைக்காத விதை எல்லாம் செத்த விதையும் அல்ல, சிலது தூங்கும். வெட்டிப் பார்த்தால் உள்ளே வெள்ளையாக, கெட்டியாக இருந்தால் இன்னும் பொறுங்கள்.

சரி, பலாக்கொட்டையை நடும் நாள் வரை எப்படி வைக்கிறது? எத்தனை நாள் வரும்?

எங்கள் ஆயா சமையலுக்குப் பலாக்கொட்டையை மண்ணில் புதைத்து வைப்பார். கறிக்காக வைத்ததுதான், ஆனால் மழைக்காலம் வரை கெடாமல் இருந்ததன் ரகசியம் இதேதான்: ஈரம் போகவில்லை, மூச்சும் அடைக்கவில்லை.

கொட்டையைக் கழுவி, சதை துளிகூட ஒட்டாமல் எடுத்துவிடுங்கள், பூஞ்சணத்துக்கு அதுதான் முதல் சாப்பாடு. கையில் பிடித்தால் சேர்ந்து நிற்கிற, ஆனால் பிழிந்தால் சொட்டாத ஈரமுள்ள மணலில் அல்லது தேங்காய் நாரில் அடுக்குங்கள். டப்பாவின் மூடியில் நாலு துளை போடுங்கள். இறுக்கி மூடினால் கொட்டை மூச்சுவிட்டு உள்ளே ஆக்சிஜனைத் தீர்த்துவிடும், திறந்ததும் புளித்த கள் வாடை வரும். அந்த வாடை வந்தால் பெரும்பாலும் போச்சு. நிழலான, வெதுவெதுப்பான இடமே போதும். ஃப்ரிட்ஜ் பாதுகாப்பு என்று நினைக்காதீர்கள். நம்மூர் காட்டு மஹோகனி விதையையே குளிர் கெடுத்துவிடும். வெப்ப மண்டல உலர்தாங்கா விதைகளில் பல, உறையாத குளிரிலேயே வாடி கறுத்துவிடுகின்றன.

இப்படி வைத்தால் சில வாரம் நிம்மதியாக வைக்கலாம், வாரம் ஒரு முறை பார்த்துக் கறுத்ததை எடுத்துப் போட வேண்டும். லிச்சி இன்னும் அவசரக்காரன், கொட்டையைப் பழத்திலிருந்து எடுத்துச் சும்மா வைத்தால் நாலைந்து நாளில் முடிந்துவிடும். எதிலும் உள்ளே முளைக்கிற வேலை நின்றிருக்காது என்பதை மறக்காதீர்கள். அதற்கு நாள் ஆக ஆக இன்னும் அதிகத் தண்ணீர் தேவைப்படும், முதல் நாள் போதுமாக இருந்த ஈரம் இருபதாம் நாள் போதாது.

காப்பி, பப்பாளி, வேம்பு எந்தப் பக்கம்?

இரண்டுக்கும் நடுவில். 1990-ல் காப்பியைப் பார்த்துத்தான் இந்த நடுவகையைப் பிரித்தார்கள். ஓரளவு, 10 விழுக்காடு ஈரம் வரை, காய்தலைத் தாங்கும். ஆனால் காய்ந்த நிலையில் மைனஸ் 18 டிகிரி குளிர் ஒத்துக்கொள்ளாது. பப்பாளி விதையைக் கொஞ்சம் காய வைத்து, குளிராத அறையில் வைத்து, அடுத்த பருவத்திலேயே நட்டுவிடுங்கள். வேம்பைப் பற்றி ஆளுக்கொரு முடிவு சொல்கிறார்கள், எங்கிருந்து எடுத்த விதை, எவ்வளவு முற்றியது என்பதைப் பொறுத்து மாறுகிறது.

அப்போ உலகத்துப் பலா, தென்னை, கொக்கோ வகையெல்லாம் எங்கே பாதுகாக்கிறாங்க?

மரமாகவே. தோட்டம்தான் வங்கி. டிரினிடாடில் உள்ள பன்னாட்டு கொக்கோ மரபு வங்கி ஒரு தோட்டம், தென்னைக்கும் பல நாடுகளில் இப்படித் தோட்ட வங்கிகள் உண்டு. மரத்தை நேரில் பார்க்கலாம், காய் பறித்துச் சுவைக்கலாம், ஒட்டுக்குச்சி எடுக்கலாம். கெட்ட பக்கமும் அதுவேதான், ஒரே இடத்தில் வெட்டவெளியில் நிற்கிறது. பப்புவா நியூகினியின் தென்னை வங்கிக்கு அந்தப் பகுதியில் வந்த ஒரு கொடிய நோயால் ஆபத்து வந்தது. 2022 ஏப்ரல் வெள்ளம் நம் சரிவுகளில் என்ன செய்தது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதனால் ஒரே வகையை இரண்டு மூன்று இடங்களில் நடுவார்கள், செலவும் இரண்டு மூன்று மடங்காகும். வாழையைக் கன்றாகவே சோதனைக் குழாய்களில், மெதுவாக வளரும் நிலையில் வைத்திருக்கிறார்கள், பெல்ஜியத்தின் லூவனில் அப்படி ஒரு பெரிய தொகுப்பு உண்டு.

திரவ நைட்ரஜனில் போட்டுட்டா முடிஞ்சுதா? அப்படி ஒண்ணு இருக்குன்னு கேள்விப்பட்டேன்.

பாதிதான் முடிந்தது. மைனஸ் 196 டிகிரியில் எந்த வேலையும் நடக்காது, அந்த நிலைக்கு உயிரோடு போய்ச்சேர்ந்தால் எத்தனை வருடமும் இருக்கலாம். சிக்கல் போவதிலும் திரும்பி வருவதிலும்தான்.

முழுக்கொட்டையை அப்படியே போட முடியாது. அதனால் கொட்டையைப் பிளந்து, இரண்டு பருப்பும் சேரும் இடத்தில் இருக்கிற சின்ன முளைக்கருவை மட்டும் வெட்டி எடுப்பார்கள். சில மில்லிமீட்டர் நீளம், மயிலிறகின் நுனி மாதிரி லேசானது. அதுதான் செடி, மீதி எல்லாம் சாப்பாடு. அந்த முளைக்கருவைச் சிலிக்கா ஜெல் பரப்பிய சிறு டப்பாவுக்குள் வலைமேல் வைத்து, கம்ப்யூட்டருக்குள் சுற்றும் அந்தச் சின்ன விசிறி ஒன்றை உள்ளே வைத்துக் காற்றைச் சுழற்றுவார்கள். இவ்வளவு சின்ன உருப்படி என்பதால் நிமிடக்கணக்கில், அதிகம் போனால் ஓரிரு மணி நேரத்தில், வேண்டிய ஈரத்துக்கு வந்துவிடும். முன்னே சொன்ன ஆபத்தான நடுக்கட்டத்தில் கிடக்க அதற்கு நேரமே இல்லை. பிறகு மிக வேகமாகக் குளிர வைப்பார்கள், உள்ளே எஞ்சிய தண்ணீர் பனி ஊசியாக வளர நேரம் கிடைக்காமல் கண்ணாடிபோல் இறுகும். வெளியே எடுக்கும்போதும் வெதுவெதுப்பான நீரில் சட்டென்று உருக்க வேண்டும். மெதுவாக உருக விட்டால் அந்த இடைவெளியில் பனி வளர்ந்துவிடும்.

இதற்கும் தப்பி வந்தால் கடைசியில் இன்னொரு தடை. பல மர வகைகளில் முளைக்கரு உயிரோடு இருக்கிறது, வேர் விடுகிறது, ஆனால் தளிர் வருவதில்லை. பெர்ஜாக்கின் டர்பன் ஆய்வுக்கூடத்தில் அதைத் துருவிப் பார்த்தபோது குற்றம் குளிரில் இல்லை, கத்தியில் இருக்கிறது என்று தெரிந்தது. பருப்பை வெட்டிப் பிரிக்கும் இடம் தளிர் முனைக்கு ஒட்டியே இருக்கிறது. அந்த வெட்டுக் காயத்தில் முன்னே சொன்ன தீவிர ஆக்சிஜன் சீறி வந்து பக்கத்துத் தளிர் முனையைக் கொன்றுவிடுகிறது. அதனால் வெட்டும்போதே அந்தச் சீற்றத்தைத் தணிக்கும் கரைசலில் நனைக்கத் தொடங்கினார்கள், சுண்ணாம்புச் சத்தும் மக்னீசியமும் உள்ள தண்ணீரில் மின்சாரம் செலுத்திக் கிடைக்கும் ஒரு நீரையும் பயன்படுத்திப் பார்த்தார்கள். சில இனங்களில் தளிர் வந்தது. ஒவ்வொரு மரத்துக்கும் வேகமும் ஈரமும் கரைசலும் தனித்தனியாகக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. கோதுமையைப் போல ஒரே விதி எல்லாவற்றுக்கும் பொருந்தாது என்பதுதான் இந்த வேலையின் வலி.

எங்க அப்பா நட்ட அந்த மரத்தோட அதே பலாவை எப்படிக் காப்பாத்துறது?

அந்த அக்கா கடைசியில் கேட்டது இதுதான். நான் சொன்னது: அக்கா, கொட்டை நன்றாக முளைத்தாலும் அது அதே மரம் ஆகாது. பலா அயல் மகரந்தம் ஏற்கும் மரம். ஒவ்வொரு கொட்டையும் ஒரு புதுப் பிள்ளை, அப்பா சாயல் இருக்கலாம், சுளையின் இனிப்பும் நாரும் வேறாகலாம். அந்த மரமே வேண்டும் என்றால் அதன் குச்சியை எடுத்து நாற்றுமேல் ஒட்டுக்கட்ட வேண்டும். ஆனால் ஒட்டுப்போட நாற்று வேண்டுமே, அதற்குக் கொட்டை வேண்டும். அதனால் இரண்டும் சேர்ந்தே நடக்கட்டும்.

டர்பன் தாவரவியல் பூங்காவில் நிற்கும் என்செஃபலார்ட்டோஸ் வூடி என்ற, பனை மாதிரி இருக்கும் சைக்காட் செடியை அவரோடு போய்ப் பார்த்தேன். 1895-ல் ஓன்கோயே காட்டில் தாவரவியலாளர் ஜான் மெட்லி வுட் கண்டுபிடித்த ஒரே ஓர் ஆண் செடி. அதற்கு ஜோடியான பெண் செடி இதுவரை எங்கும் அகப்படவில்லை. அந்த இனத்துக்கு விதையே கிடையாது. உலகத்தில் எங்கே ஒன்று நின்றாலும் அது இந்தச் செடியின் பக்கக் கன்றுதான். இனம் அழியாமல் இருக்கிறது, ஆனால் ஒரே உயிர்தான் பல இடங்களில். குச்சியால் மட்டும் காப்பாற்றுவதன் எல்லை அங்கே கண்முன் நிற்கிறது.

அதனால் நாங்கள் இப்படிச் செய்தோம். அந்த மரத்தில் அடுத்த கோடையில் பழுத்த பழத்தின் கொட்டையை அன்றே ஈர மணலில் போட்டு, அந்த வாரத்துக்குள் ஆறு வீடுகளுக்குக் கொடுத்தோம், ஒவ்வொரு வீட்டுக்கும் ஐந்து. ஒருவர் வீட்டில் கன்று கருகினாலும் இன்னொருவரிடம் இருக்கும். கன்றுகள் பென்சில் கனம் வந்தபிறகு மரத்திலிருந்து குச்சி எடுத்து அவற்றில் சிலவற்றின்மேல் ஒட்டுக்கட்டினோம், மற்றவற்றைக் கொட்டைக் கன்றாகவே விட்டுவிட்டோம். மூன்று ஒட்டு பிடித்தன. ஒன்று டோங்காட்டில், ஒன்று மேர்பேங்கில், ஒன்று அதே மரத்திலிருந்து இரண்டு வீடு தள்ளி. ஐஸ்க்ரீம் டப்பாவில் இப்போது அந்த அக்கா வெண்டை விதை வைத்திருக்கிறார், மூடியின் மேல் 185 என்று எழுதி.